ஸ்குவாட் கடைசி வரியில் இருந்த நான்கு மாதங்கள்

என் ஜிம் நோட்டில், தோளில் ராடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் எப்போதும் பக்கத்தின் கடைசி வரியில்தான் இருக்கும். ஜூனில் 45 கிலோ: மூன்று செட்டில் 8, 6, 5 தடவை. ஜூலையிலும் அதே 45 கிலோ, அதே 8, 6, 5. ஆகஸ்டில் ஒருநாள் 8, 7, 5 வந்தது. பக்கத்தில் நட்சத்திரம் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். செப்டம்பரில் அந்த ஏழும் போய்விட்டது.

அப்போது எனக்கு வயது 39. திருச்சியில் வங்கி வேலை, வேலை முடிந்து மாலை ஆறரைக்கு ஜிம். சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முட்டையைக் கூட்டினேன். வயசாகிவிட்டது என்றுகூட ஒரு வாரம் நம்பினேன். நோட்டில் எண்களைப் பார்த்தேனே தவிர, அந்த எண்கள் எந்த வரியில் இருக்கின்றன என்று பார்க்கவே இல்லை.

ஸ்குவாட் கடைசிக்குப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஸ்குவாட்டுக்கு ராடைத் தாங்கி நிற்கும் ராக் எங்கள் ஜிம்மில் ஒன்றே ஒன்று. ஆறரை மணிக்குப் போனால் அதில் யாராவது நிற்பார்கள். "அக்கா, இன்னும் நாலு செட்டு இருக்கு" என்பார்கள். சும்மா நிற்பானேன் என்று, உட்கார்ந்தபடி காலை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் உட்கார்ந்துவிடுவேன். 30 கிலோவில் 12 வீதம் நாலு செட், தொடை எரிகிறவரை. அப்புறம் பின்தொடைக்குக் காலை மடக்கும் லெக் கர்ல் மூணு செட். ராக் இன்னமும் காலியாகவில்லை என்றால் ரெண்டு கையிலும் ஏழரை கிலோ டம்பெல் பிடித்துக்கொண்டு லஞ்சஸ், இருபது அடி வீதம் மூணு முறை. கடைசியில் ராக் கிடைக்கும்போது மணி ஏழேகால். கால் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும். நாலு மாதத்தில் இது என் 'திட்டம்' ஆகிவிட்டது. சில நாள் ராக் காலியாக இருந்தபோதும் பழக்கதோஷத்தில் எக்ஸ்டென்ஷனுக்கே போயிருக்கிறேன்.

எங்கள் மாஸ்டர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு காலத்தில் வெயிட் லிஃப்டிங் செய்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் நான் ஸ்குவாட் போடுவதைப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, காலை ஒடிச்சுப் போட்டுட்டு அப்புறமா அதையே நடக்கச் சொல்றியே?"

எனக்குப் புரியவில்லை. போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, அடுத்த செட்டைப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. முதல் மூன்று ரெப்பில் இடுப்பும் தோளும் ஒன்றாக எழுகின்றன. நாலாவதிலிருந்து இடுப்பு முதலில் மேலே போகிறது, நெஞ்சு கீழேயே தங்குகிறது, பிறகு முதுகைக் கொண்டு ராடைத் தூக்கி நிமிர்கிறேன். அதாவது பாதி ஸ்குவாட், பாதி குனிந்து நிமிர்வது. மூட்டை தூக்குகிறவர்கள் முழங்கால் விட்டுப்போனால் முதுகைக் கொடுப்பார்களே, அதே கதை.

ஸ்குவாட் மாதிரியான பெரிய லிஃப்டை முன்னால் போடு என்று ஜிம்மில் சொல்வதன் காரணம் இந்தப் படத்திலேயே இருக்கிறது. ஸ்குவாட்டில் தொடை, பின்தொடை, பிட்டம், கீழ்முதுகு, வயிறு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அதில் எது முதலில் களைக்கிறதோ அதுதான் அன்றைய எடையைத் தீர்மானிக்கும். தொடையின் முன்பக்கத்தை எக்ஸ்டென்ஷனில் முன்கூட்டியே தீர்த்துவிட்டால், மற்றவை எல்லாம் புத்துணர்ச்சியோடு இருந்தும் பயனில்லை. அல்லது, என் விஷயத்தில் நடந்ததுபோல, தொடை விட்ட வேலையை முதுகு எடுத்துக்கொள்ளும். நான் 'கால் பயிற்சி' என்று நினைத்துச் செய்துகொண்டிருந்த செட்டின் பின்பாதி கீழ்முதுகுக்குத்தான் போயிருக்கிறது. சனிக்கிழமை காலையில் முதுகு பிடித்துக்கொள்வதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

இதைத் திருப்பிப் போட்டால் சிக்கல் இல்லை. ஸ்குவாட் முடித்துவிட்டு எக்ஸ்டென்ஷனில் உட்கார்ந்தால், தொடை களைத்த இடத்தில் எடை நின்றுவிடும், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்தில் முதுகு வந்து உதவ முடியாது, கீழே விழவும் எதுவும் இல்லை. களைத்த நிலையில் தவறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு பயிற்சியையும் கேட்டுப் பார்த்தால் வரிசை பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடுகிறது. தவறினால் ராடு மேலே விழும், முதுகு வளையும் என்பவை முன்னால் வரும். தவறினால் கைப்பிடி நின்றுவிடும் என்பவை பின்னால் போகும்.

மறுவாரம் ஸ்குவாட்டை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். வெறும் ராடு 20 கிலோவில் பத்து, 30 கிலோவில் ஐந்து, 40 கிலோவில் மூன்று, இதெல்லாம் உடம்பு சூடாக. பிறகு அதே பழைய 45 கிலோ. 10, 10, 9 வந்தது. நடுவில் மூன்று மூன்று நிமிடம் ஓய்வு.

அன்றைக்கு நான் துள்ளிக் குதித்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வாரத்தில் எனக்குப் பலம் கூடிவிடவில்லை. ஏற்கெனவே இருந்த பலம் அன்றுதான் வெளியே தெரிந்தது. வரிசை மாறினால் எண் மாறும், அது முன்னேற்றம் அல்ல. முன்னேற்றம் என்பது அதற்குப் பிறகு நடந்தது. நாலு மாதமாக 45 கிலோவிலேயே நின்றிருந்த என்னால் இப்போது ராடின் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் சேர்க்க முடிந்தது. 47.5, 50, 52.5 என்று போய் ஐந்தாவது வாரம் ஒரே எடையில் நின்றது. ஒன்பதாவது வாரம் மறுபடி நின்றது. பன்னிரண்டாவது வாரம் 60 கிலோவில் 5, 5, 5.

இதில் யாரும் முன்கூட்டி எச்சரிக்காத விஷயம், லெக் எக்ஸ்டென்ஷன் விழுந்தது. 30 கிலோவில் பன்னிரண்டு போட்டவள், ஸ்குவாட்டுக்குப் பிறகு 25 கிலோவில் பத்துக்குத் திணறினேன். முதல் இரண்டு வாரம் ஏதோ இழந்துவிட்ட மாதிரியே இருந்தது. இழக்கவில்லை, அதற்கு மீதிக் கால்தான் கிடைக்கிறது. எனவே ஒரு பயிற்சியின் எண்ணை அது அதே இடத்தில் இருந்த நாளின் எண்ணோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். இப்போது நோட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னாலும் 1, 2, 3 என்று வரிசை எண் எழுதுகிறேன். பன்னிரண்டு வாரம் கழித்து எக்ஸ்டென்ஷன் மூன்றாம் இடத்தில் இருந்துகொண்டே 30 கிலோவுக்குத் திரும்பிவிட்டது.

இதே கணக்கு எனக்கு இன்னொரு இடத்தில் உதவியது. என் தோள் பலவீனம் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டு ராடைத் தலைக்கு மேல் தள்ளும் ஷோல்டர் பிரஸ்ஸில் வெறும் ராடே ஆறு தடவைக்கு மேல் போகாது. ஆனால் அதை எப்போதும், படுத்துக்கொண்டு ராடை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பின்னால்தான் செய்வேன். ஒரு வியாழக்கிழமை அதை முதலில் வைத்துப் பார்த்தேன்: பத்து. தோளில் குறை இல்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் முன்தோளும் ட்ரைசெப்ஸும் ஏற்கெனவே சம்பளம் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தன. இரண்டுமே பெரிய லிஃப்ட், இரண்டுக்கும் ஒரே தசைகள், அப்புறம் எது முதல்? எனக்குப் பிடித்த தீர்வு, மாற்றி மாற்றி முறை வைப்பதுதான். திங்கள் பெஞ்ச் முதலில், வியாழன் ஷோல்டர் பிரஸ் முதலில். அந்தந்த நாளில் முதலில் வருவதில்தான் எடை கூட்டுவேன். இரண்டாவதாக வருவதில் எடையைக் குறைத்து, ரெப்பை ஒழுங்காக எடுத்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

சின்னத் தசைகளில் எவை ஆபத்தானவை என்பதையும் பட்டுத்தான் கற்றேன். முதலிடம் கைப்பிடிக்கு, அதாவது விரல்களின் பிடிமானத்துக்கு. ஒருமுறை, தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்கான ராடு வேறொருவரிடம் இருந்ததால் லாட் புல்டவுன், ரோயிங், போதாதற்கு டம்பெல்களைப் பிடித்துக்கொண்டு நடப்பது எல்லாம் முடித்துவிட்டு 70 கிலோ டெட்லிஃப்டுக்கு வந்தேன். முதுகும் காலும் தயாராக இருந்தன. மூன்றாவது ரெப்பில் விரல்கள் திறந்துகொண்டன, ராடு முழங்கால் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. கால் விரலில் படவில்லை என்பது என் அதிர்ஷ்டம். இழுக்கிற பயிற்சிகள் எல்லாமே கைப்பிடியைத் தின்னும், ஆகவே டெட்லிஃப்ட் அன்று அதுதான் முதல். அடுத்தது கீழ்முதுகு: பேக் எக்ஸ்டென்ஷனோ ரோமானியன் டெட்லிஃப்டோ முடித்துவிட்டு ஸ்குவாட்டுக்குப் போகக் கூடாது. ட்ரைசெப்ஸைத் தீர்த்துவிட்டு பெஞ்சில் படுப்பதும், வயிற்றுப் பயிற்சியைச் செய்துவிட்டு ராக்கின் கீழே போவதும் இதே ரகம். டிரெட்மில்லில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குவதில் தவறில்லை. இருபது நிமிடம் ஓடிவிட்டு ஸ்குவாட் போட்டால் காலில் என்ன மிச்சம் இருக்கும்?

இதுவரை சொன்னதை வைத்து 'அதிக எடை எதுவோ அது முதல்' என்று யாராவது எழுதி வைத்துக்கொண்டால் மாஸ்டர் ஒப்புக்கொள்ளமாட்டார். நானும் அப்படித்தான் சொன்னேன். "போட்டியில பார்த்ததில்லையா?" என்று கேட்டார். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிய விளையாட்டு அது. அதில் ராடை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச் முதலில், தோளில் வாங்கிப் பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க் பிறகு. எடை அதிகம் தூக்குவது இரண்டாவதில்தான். பயிற்சியிலும் வெயிட் லிஃப்டர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையோ இவற்றின் பகுதிகளையோ முடித்த பிறகே ஸ்குவாட்டுக்குப் போகிறார்கள், ஸ்குவாட்டில்தான் அவர்கள் எல்லாவற்றையும்விட அதிக எடை ஏற்றுவார்கள் என்றாலும். வேகமும் நேர்த்தியும் வேண்டியது களைப்பில் முதலில் கெடும், அதனால் அதற்கு முன்னுரிமை. நம்மைப் போன்றவர்கள் ஸ்னாட்ச் போடுவதில்லை. ஆனால் பெட்டி மேல் தாவுவதைப் பயிற்சியில் சேர்த்திருந்தால் அது ஸ்குவாட்டுக்கு முன்னால்தான் வர வேண்டும். களைத்த காலோடு தாவினால் முழங்காலுக்குக் கீழே தோலைப் பெட்டியின் விளிம்பு உரித்துவிடும்.

சரி, வரிசையை எப்போது மாற்றலாம்? நான் மாற்றியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, புல்-அப். எனக்கு அது ஒரு பிடிவாதம். ஒன்றே ஒன்று வரும், அதற்கு மேல் வராது. முதுகு நாளில் டெட்லிஃப்ட், ரோயிங் எல்லாம் முடிந்த பிறகு தொங்கிப் பார்ப்பேன். எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம் பலப்படும் என்பது ஸ்குவாட்டில் எனக்கே நிரூபணமான பிறகு, இதையும் முன்னால் கொண்டுவர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் டெட்லிஃப்டுக்கு முன்னால் வைத்தால் கைப்பிடி போய்விடும், அந்தப் பாடம் ஏற்கெனவே தரையில் விழுந்த ராடு சொல்லிக்கொடுத்தது. எனவே அதை அந்த நாளிலிருந்தே எடுத்து பெஞ்ச் நாளின் முதல் இடத்தில் வைத்தேன். பெஞ்சில் தள்ளுவதற்கும் புல்-அப்பில் இழுப்பதற்கும் தசைகள் பெரும்பாலும் வேறு, அதனால் பெஞ்ச் எண்ணிக்கை அரை ரெப்பும் குறையவில்லை. ஒவ்வொன்றாக ஐந்து செட், இரண்டு நிமிட இடைவெளி. ஒன்று சுலபமானதும் முதல் செட்டில் இரண்டு. நாலு மாதத்தில் தொடர்ந்து ஐந்து வந்தது. இங்கே நான் மீறியது விதியை அல்ல என்று நினைக்கிறேன். எது எனக்குப் பெரியது என்பதை நானே தீர்மானித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாவது, முழங்கால். நாற்பதைத் தொட்டபோது முதல் செட் ஸ்குவாட்டில் கீழே போகும்போது மூட்டு முறுக்கிக்கொண்டு வர ஆரம்பித்தது. வீக்கம் இல்லை, மூட்டு பூட்டிக்கொள்ளவும் இல்லை. அப்படி இருந்திருந்தால் ஜிம்முக்கு அல்ல, எலும்பு மருத்துவரிடம் போயிருப்பேன். சூடாகும்வரை ஒரு விறைப்பு மட்டும். மாஸ்டர் ஸ்குவாட்டுக்கு முன்னால் லெக் கர்ல் இரண்டு செட் போடச் சொன்னார். "முன்னாடி வேணாம்னீங்களே மாஸ்டர்?" என்றதற்கு, "அன்னைக்கு நீ போட்டது கூலி வேலை. இது கோலம் போடுறதுக்கு முன்னாடி வாசல் தெளிக்கிற மாதிரி" என்றார். வழக்கமாக 25 கிலோ போடுகிற நான் 12.5 கிலோவில் பதினைந்து. இன்னும் பத்து ரெப்பாவது போட முடியும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். பின்தொடையில் ரத்தம் பாய்ந்த உணர்வு வரும், எரிச்சல் வராது. அப்படிச் செய்தால் என் மூட்டுக்கு முதல் செட்டிலேயே சுகமாக இருக்கிறது. சரியான அளவில்தான் செய்கிறேனா என்று பார்க்கும் வழி சுலபம்: ஸ்குவாட் எண்ணிக்கை குறையக் கூடாது. ஒருமுறை ஆர்வத்தில் 20 கிலோ வைத்துவிட்டேன், ஸ்குவாட்டில் மூன்றாவது செட்டில் ஒரு ரெப் போனது. மறுவாரமே குறைத்தேன்.

மூன்றாவது எனக்கு உரியதல்ல, ஜிம்மில் உடம்பை ஏற்றிக் காட்டும் போட்டிக்குத் தயாராகும் ஒரு தம்பியுடையது. அவன் நெஞ்சு நாளில் பெக் டெக் இயந்திரத்தில் கைகளை நெஞ்சுக்கு முன் சேர்க்கும் பயிற்சியை முதலில் செய்துவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போவான். ப்ரீ-எக்ஸாஸ்ட் என்று பெயர். நாட்டிலஸ் இயந்திரங்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ் 1970களில் பரப்பிய முறைகளில் ஒன்று. நெஞ்சை முன்பே களைக்க வைத்தால் பெஞ்சில் ட்ரைசெப்ஸுக்கு முன்னால் நெஞ்சு தீர்ந்துபோகும், அதனால் நெஞ்சு நன்றாக வளரும் என்பது கணக்கு. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே வரவில்லை. பெஞ்சில் நெஞ்சின் வேலை கூடவில்லை, களைத்த நெஞ்சுக்குப் பதிலாக ட்ரைசெப்ஸ்தான் அதிகம் உழைத்தது. என் ஸ்குவாட்டில் முதுகு வந்து உதவியது நினைவுக்கு வருகிறதா?

ஆனால் அந்தத் தம்பியை நான் திருத்தப் போகவில்லை. அவனுக்கு 80 கிலோ பெஞ்ச் போட்டால் தோள் வலிக்கிறது. பெக் டெக் முடித்து வந்தால் 65 கிலோவே போதுமான கஷ்டமாக இருக்கிறது, தோள் சும்மா இருக்கிறது. அவனுக்குப் பலத்தின் எண் தேவையில்லை, தசையின் அளவுதான் தேவை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் முடிவும் இதற்கு ஒத்துப் போகிறது: முதலில் செய்யும் பயிற்சியில் பலம் அதிகம் கூடுகிறது, தசை வளர்ச்சியோ எந்த வரிசையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எடையைக் கூட்ட ஆசைப்படும் எனக்கு வரிசை உயிர். கண்ணாடியில் பார்க்கும் அவனுக்கு அவ்வளவு இல்லை. பெஞ்சில் படுக்கும்போது ராடைப் பிடிக்க ஆள் நிற்கச் சொல்கிறான், அது போதும்.

கடைசியாக, எல்லாம் ஆரம்பித்த இடம்: ராக் காலி இல்லை. இப்போதும் ஆறரைக்குத்தான் போகிறேன், இப்போதும் ஒரே ராக்தான். காத்திருக்கும் நேரத்தில் செய்வதை மட்டும் மாற்றிவிட்டேன். ஸ்குவாட்டில் அவ்வளவாகப் பங்கில்லாத தசையைத் தேடுவேன். சின்ன டம்பெல்லை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் கை தூக்குவது, ட்ரைசெப்ஸ் கயிறு இழுப்பது. கால் நாளில் கை வேலை முன்னால் வந்தாலும் ஸ்குவாட் எண்ணிக்கையில் எனக்கு மாற்றம் தெரிந்ததில்லை. பெஞ்ச் நாளில் பெஞ்ச் காலி இல்லையென்றால் ரோயிங்கை முதலில் முடித்துவிடுவேன். செய்யவே கூடாது என்று ஒதுக்கியிருப்பது, காத்திருக்கும் லிஃப்டின் அதே தசையை இன்னொரு இயந்திரத்தில் போய் தீர்ப்பது. பைசெப்ஸ் கர்ல் போட ராக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கருத்து உண்டு, அதை இங்கே எழுதவில்லை.

அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கேட்பது. "தம்பி, நடுவுல நானும் போட்டுக்கலாமா?" என்றால் இதுவரை யாரும் முடியாது என்றதில்லை. போன வாரம் மூன்று பேர் சேர்ந்து ஒரே ராக்கில் போட்டோம். அவர்கள் இருவரும் 100 கிலோ, நான் 65. என் முறைக்கு முன்னால் பிளேட்டைக் கழற்றி, முடிந்ததும் மாட்ட வேண்டும். அவர்கள் இருவரும் முடித்து எனக்கு வருவதற்குள் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை நிமிடம் ஆகியிருந்தது. நான் எடுக்க வேண்டிய ஓய்வைவிட அரை நிமிடம் கூடுதல்.